பூஞ்சை பிடித்த தட்டும் அதன் அருகில் வைக்கப்படாத தட்டுகளும்

முதுநிலை நுண்ணுயிரியல் மாணவி ஒருவர் தம் ஆய்வுத் திட்டத்துக்காக ஓர் இலையின் நீர்ச்சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். மாணவர் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யப்படும் எளிய சோதனைதான் அது. கொதித்து ஆறிய நீரில் உலர்ந்த இலைப்பொடியை ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் வடிதாளில் வடித்து, கிடைத்த கரும்பழுப்புச் சாற்றைப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்றில் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தார். பிறகு பாக்டீரியா வளர்க்கும் கூழ்ம ஊடகமான முல்லர்-ஹிண்டன் அகார் ஊற்றிய பெட்ரித் தட்டில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் சீராகப் பரப்பி, அகாரில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழிகளை வெட்டி, ஒவ்வொரு குழியிலும் 50 மைக்ரோலிட்டர் சாற்றை விட்டு, 30 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தார். மறுநாள் தட்டு முழுவதும் பாக்டீரியா வெண்படலமாக வளர்ந்திருக்க, குழிகளைச் சுற்றி மட்டும் 15 மில்லிமீட்டர் விட்டத்துக்குத் தெளிந்த வளையம் இருந்தது. சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, தட்டுகளை மேசையிலேயே விட்டுச் சில நாள் விடுமுறையில் சென்றார்.

திரும்பி வந்தபோது ஒரு தட்டில் பூஞ்சை வளர்ந்திருந்தது. குழியின் விளிம்பை ஒட்டி, நடுவில் நீலப்பச்சையாகவும் ஓரத்தில் வெண்மையாகவும் வெல்வெட்டுத் துணியைப் போன்ற பரப்புடன் ஒரு வளர்ச்சி. அதற்குச் சற்றுத் தள்ளி அதே நிறத்தில் இரண்டு சிறிய புள்ளிகள். அவற்றைச் சுற்றிப் பாக்டீரியா இல்லாத தெளிவான பகுதி. தட்டை இரு கைகளாலும் ஏந்தி என்னிடம் கொண்டுவந்த அவருடைய முகத்தில் கவலையும் பரபரப்பும் சரிபாதியாக இருந்தன.

"மேடம், தட்டு கெட்டுப்போச்சு. ஆனா பூஞ்சையைச் சுத்திப் பாக்டீரியா வளரவே இல்லை பாருங்க. இது பெனிசிலின் மாதிரி இருக்குமா?"

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா என்று முதலில் பார்ப்போம்," என்றேன்.

மூடியைத் திறக்க வேண்டாம் என்பதுதான் நான் அவருக்குச் சொன்ன அடுத்த வாக்கியம். பச்சை நிறம் தெரியும் அளவுக்குப் பூஞ்சை வளர்ந்துவிட்டால் அதன் மேற்பரப்பு முழுவதும் உதிரக் காத்திருக்கும் வித்துகள்தாம். மூடியை ஒருமுறை திறந்தாலே அவை காற்றில் எழும்பி அறையிலுள்ள மற்றவர்களின் தட்டுகளிலும் அமர்ந்துவிடும். முகர்ந்து பார்த்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் செல்லும். ஒட்டுநாடாவால் விளிம்பைச் சுற்றி மூடி, தட்டைக் கீழிருந்தும் மேலிருந்தும் வெளிச்சத்தில் பார்த்து, படம் எடுத்து, பூஞ்சையின் இடங்களைத் தட்டின் அடிப்புறத்தில் பேனாவால் குறித்துக்கொண்டோம். ஆய்வு முடிந்தபின் அத்தகைய தட்டுகளை ஆட்டோகிளேவ் எனும் உயரழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் போதிய நேரம் வைத்துக் கொன்ற பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

தட்டைப் பார்த்தாலே ஓரளவு ஊகிக்கலாம் என்பது உண்மைதான். காற்றிலிருந்து விழுந்த பூஞ்சை பெரும்பாலும் அகாரின் மேற்பரப்பில், எந்த ஒழுங்குமின்றி, சில சமயம் விளிம்பை ஒட்டி வளரும். ஊடகத்திலேயே கலந்திருந்தால் சில வளர்ச்சிகள் அகாருக்குள் புதைந்து காணப்படும். பஞ்சுக்குச்சியோ பாக்டீரியா வளர்ப்போ கறைபட்டிருந்தால் தேய்த்த தடங்களின் வழியே தட்டு முழுவதும் பரவியிருக்கும். குழியில் விட்ட சாற்றிலிருந்து வந்திருந்தால் குழியைச் சுற்றியே கூட்டமாக இருக்கும். இந்தத் தட்டில் மூன்று வளர்ச்சிகளும் குழியின் அருகில் இருந்ததால் மாணவி சாற்றையே சந்தேகித்தார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் சாற்றை விடும்போது மூடியைத் திறந்ததும் அந்தக் குழியின் மேல்தான். அந்த நேரத்தில் காற்றிலிருந்து விழுந்த வித்தும் அங்கேயே விழுந்திருக்கும். இடம் ஒரு தடயமாக உதவுமே தவிர எதையும் நிறுவாது.

எனவே அவருடைய குறிப்பேட்டைத் திறந்து, இந்தத் தட்டுடன் வேறு என்னென்ன தட்டுகள் வைக்கப்பட்டன என்று பார்த்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் கண்ட்ரோல் தட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: டெட்ராசைக்ளின் 30 மைக்ரோகிராம் வில்லை வைத்த தட்டு. அதில் தெளிவான வளையம் வந்திருந்தது. அந்தத் தட்டு, பாக்டீரியா உயிருடன் சீராகப் பரவியிருந்தது, தெரிந்த ஒரு மருந்து அகாரில் பரவி அதைத் தடுக்கும்போது வளையம் தெரிகிறது என்ற இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வளையம் வராத சாற்றைப் பற்றி முடிவு சொல்லும்போது அந்தச் செய்திகள் மிகவும் தேவைப்படும். ஆனால் பூஞ்சை எங்கிருந்து வந்தது, வளையத்தை உண்டாக்கியது எது என்ற நம் இரண்டு கேள்விகளில் எதற்கும் அந்தத் தட்டில் விடை கிடையாது. மாணவர்கள் பலர் "கண்ட்ரோல் வைத்திருக்கிறேன்" என்று சொல்லும்போது இந்த ஒரு தட்டையே குறிப்பிடுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஒவ்வொரு கண்ட்ரோலும் ஒரு குறிப்பிட்ட ஐயத்துக்கு விடை சொல்வதற்காகவே வைக்கப்படுகிறது; வேறோர் ஐயத்துக்கு அதை விடையாகக் காட்ட முடியாது.

பெனிசிலினைப் பற்றிய பேச்சையும் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1928 செப்டம்பரில் லண்டனில் விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பார்த்த தட்டின் கதை எல்லா மாணவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பூஞ்சையைச் சுற்றித் தெளிவான இடத்தைக் கண்டதும் அந்த நினைவு வருகிறது. ஆனால் அந்தக் கதையில் வரிசை மிக முக்கியமானது. பெனிசிலின் வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவையே சிதைக்கும். வளர்ந்து முடிந்து படலமாகிவிட்ட பாக்டீரியாவை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஹேர் பின்னாளில் அந்தத் தட்டை மீண்டும் உருவாக்க முயன்றபோது, பாக்டீரியாவுக்கு முன்பே பூஞ்சை வளர்ந்திருந்தால்தான் அத்தகைய தோற்றம் வரும் என்று கண்டார். அந்த ஆண்டு ஜூலை இறுதியில் லண்டனில் நிலவிய குளிர்ச்சி, பூஞ்சை முந்திக்கொள்ள வாய்ப்பளித்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். நம் மாணவியின் தட்டில் வரிசை நேர்மாறானது. முதல் நாளே பாக்டீரியா படலமாகிவிட்டது. வளையமும் முதல் நாளே வந்துவிட்டது. பூஞ்சையோ பல நாள் கழித்து, ஏற்கெனவே காலியாக இருந்த இடத்தில் வளர்ந்திருக்கிறது. ஆகவே தட்டின் மேல் வளர்ந்த அந்தப் பூஞ்சை வளையத்தை உண்டாக்கவில்லை என்பதை மட்டும் குறிப்பேட்டிலுள்ள தேதிகளைக் கொண்டே சொல்ல முடிந்தது.

அப்படியானால் இலைதான் தடுத்தது என்று ஆகிவிடுகிறதே என்றார் மாணவி. அந்த இடத்தில் நான் அவரை நிறுத்தி, சாற்றுப் புட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அது மூன்று வாரமாகக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த புட்டி. கண்ணாடியும் சாறும் பழுப்பு என்பதால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது, கழுத்தை ஒட்டிச் சாற்றின் மேற்பரப்பில் மெல்லிய வெண்ணிற வளையமாக ஏதோ படிந்திருப்பது தெரிந்தது. குளிர்பதனப் பெட்டியின் குளிர் பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர, பல பெனிசிலியம் வகைகள் 4 டிகிரியிலும் மெல்ல வளரக்கூடியவை. சாற்றுக்குள்ளேயே மூன்று வாரம் பூஞ்சை வளர்ந்திருந்தால், அது வெளியிட்ட பொருளும் சாற்றுடன் சேர்ந்தே குழிக்குள் போயிருக்கும். வளையம் முதல் நாளே வந்ததற்கு இலையும் காரணமாக இருக்கலாம், சாற்றுக்குள் வளர்ந்த பூஞ்சையும் காரணமாக இருக்கலாம். ஒரு தட்டில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்போது கண்ணால் பிரிக்க வழியில்லை.

இரண்டாவது சோதனையை எழுதும்போது ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஐயத்தையும் ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். அந்த வாக்கியம் பொய்யென்றால் எந்தத் தட்டு வேறு மாதிரி இருக்கும் என்று எழுத முடிந்தால்தான் அந்தத் தட்டை வைக்க வேண்டும்.

ஊடகமோ தட்டோ கறைபட்டிருக்கிறது என்பது முதல் ஐயம். அதற்கு, ஊற்றி உறைந்தபின் ஒருமுறைகூடத் திறக்கப்படாத வெறும் ஊடகத் தட்டு. வேலை நேரத்தில் காற்றிலிருந்து விழுகிறது என்பது இரண்டாவது. அதற்கு, சோதனைத் தட்டுகளைத் திறந்து குழி வெட்டிச் சாறு விட எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் அதே மேசையில் மூடி திறந்து வைக்கப்பட்ட ஊடகத் தட்டு. சாற்றிலிருந்து வருகிறது என்பது மூன்றாவது. அதற்கு, பாக்டீரியா பரப்பாத ஊடகத்தில் குழி வெட்டிச் சாற்றை மட்டும் விட்ட தட்டு. பாக்டீரியா வளர்ப்பே கறைபட்டது என்பது நான்காவது. குழியில் வெறும் நீரை மட்டும் விட்டு, பாக்டீரியா பரப்பிய தட்டு அதற்கு விடை சொல்லும். அதே தட்டு, குழி வெட்டி நீரை ஊற்றுவதே வளையம் போன்ற தோற்றத்தைத் தருகிறதா என்பதற்கும் விடை சொல்லும். நீர் என்றால் குழாய் நீரோ வேறு புட்டியின் நீரோ ஆகாது. இலைப்பொடியை ஊறவைத்த அதே நீரை, அதே மாதிரி ஓரிரவு வைத்து, அதே மாதிரி வடிதாளில் வடித்து எடுக்க வேண்டும். இலையைத் தவிர சாறு கண்ட அனைத்தையும் அந்த நீரும் கண்டிருக்க வேண்டும்.

இவற்றுள் மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் மிக அரிதாகவே காணப்படுவது சாற்றை மட்டும் வெறும் ஊடகத்தில் விட்ட தட்டுதான். தாவரச் சாறு சோதிக்கும் எவரும் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் வடிதாளில் இருக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் முதல் எண் வடிதாளின் துளைகள் ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர். பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. அந்தத் தாளின் வழியே தடையின்றிக் கடந்துவிடும். கண்ணுக்குத் தெளிவாக வடிந்த சாறு என்பதால் அது நுண்ணுயிர் நீங்கியது என்று பொருளாகாது. வெயிலிலோ நிழலிலோ உலர்த்தி அரைத்த எந்த இலைப்பொடியிலும் பூஞ்சை வித்துகள் இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வித்துகளையும் பாக்டீரியாவையும் நீக்க வேண்டுமானால் 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வு வடிகட்டி வேண்டும். அதுவும் நேரடியாகப் பயன்படாது. தடித்த சாறு சில மில்லிலிட்டரிலேயே அதை அடைத்துவிடும். முதலில் வடிதாள், பிறகு மையச்சுழற்சி, அதன் பிறகு 0.45, கடைசியில் 0.22 என்று படிப்படியாகப் போனால் ஒரு வடிகட்டியில் போதிய அளவு கிடைக்கும்.

ஆனால் சவ்வு வடிகட்டியும் சில பொருள்களைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடும் என்பதால், வடிகட்டிய சாறு வளையம் தரவில்லையென்றால் மருந்துப் பொருளே வடிகட்டியில் நின்றுவிட்டதா என்ற புதிய ஐயம் எழும். எனவே பழைய சாற்றிலும், அதே பொடியிலிருந்து அன்றே எடுத்த புதிய சாற்றிலும், சவ்வில் வடிகட்டியது, வடிகட்டாதது என்று நான்கு வகைகளை வைத்தோம். ஒவ்வொரு வகைக்கும் மும்மூன்று தட்டுகள்.

தட்டுகளை எவ்வளவு காலம் வைப்பது என்பதில்தான் மாணவிக்கு ஒரு முக்கியமான விஷயம் புரிந்தது. வளையத்தை ஒரு நாளில் அளந்துவிடலாம். ஆனால் முதல் நாளில் எந்தத் தட்டிலும் பூஞ்சை தெரியாது. அன்றே கண்ட்ரோல் தட்டுகளை "சுத்தம்" என்று எழுதிக் கழித்துவிட்டால், பூஞ்சை வெளிப்படும் நாளில் ஒப்பிட எதுவும் கையில் இருக்காது. முதல் சோதனையின் தட்டு 30 டிகிரியில் ஒரு நாளும் பிறகு மேசையில் பல நாளும் இருந்தது. எனவே எல்லாக் கண்ட்ரோல் தட்டுகளும் அதே ஒரு நாளும் அதே பல நாளும் அதே அடுக்கில் இருந்தாக வேண்டும். கண்ட்ரோல் தட்டு சோதனைத் தட்டின் முழு வாழ்வையும் வாழ வேண்டும், ஒன்றே ஒன்றைத் தவிர; அந்த ஒன்றைப் பற்றித்தான் கேள்வி.

ஒரு நாள் கழித்து வளையங்களை அளந்தோம். நீர் விட்ட தட்டில் குழியின் விளிம்புவரை பாக்டீரியா நெருங்கி வளர்ந்திருந்தது. டெட்ராசைக்ளின் தட்டில் வளையம் முன்போலவே வந்தது. பழைய சாறு, வடிகட்டாதது 15 மில்லிமீட்டர், வடிகட்டியது 14 மில்லிமீட்டர். அதாவது தடுக்கும் பொருள் சவ்வில் நிற்கவில்லை, அது உயிருள்ள பூஞ்சை இல்லாமலும் வேலை செய்தது. புதிய சாறு, வடிகட்டினாலும் வடிகட்டாவிட்டாலும், எந்த வளையமும் தரவில்லை.

மாணவி நெடுநேரம் பேசாமல் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய திட்டத்தின் தலைப்பே இலையின் ஆற்றல் பற்றியது என்பதால் அந்த அமைதி எனக்குப் புரிந்தது.

ஒரு வாரம் கழித்துப் பூஞ்சைக்கான விடையும் கிடைத்தது. திறக்கப்படாத ஊடகத் தட்டுகள் மூன்றும் தெளிவாக இருந்தன. ஊடகத்தின் மீதிருந்த ஐயம் நீங்கியது. காற்றில் திறந்து வைத்த தட்டுகளில் ஒன்றில் ஒரு பூஞ்சை வளர்ந்திருந்தது, ஆனால் அது கரும்புள்ளிகள் தூவிய வேறு வகை. நீர் விட்ட தட்டுகளில் பூஞ்சை இல்லை. பழைய சாற்றை வடிகட்டாமல் விட்ட வெறும் ஊடகத் தட்டுகள் மூன்றிலும் குழிகளைச் சுற்றி அதே நீலப்பச்சை வளர்ச்சி நெருக்கமாக இருந்தது. புதிய சாற்றை வடிகட்டாமல் விட்ட தட்டுகளிலும் அதே தோற்றத்தில் சில தனித்த வளர்ச்சிகள் வந்திருந்தன. இரண்டு சாறுகளும் சவ்வில் வடிகட்டப்பட்ட தட்டுகளில் எதுவும் வளரவில்லை. பூஞ்சை இலைப்பொடியிலேயே இருந்தது, வடிதாளைக் கடந்தது, புட்டியில் பெருகியது என்ற வரிசை இப்போது ஊகமாக இல்லை. காற்றில் திறந்து வைத்த தட்டில் வந்த அந்த ஒரு கறுப்புப் பூஞ்சையும் பயனற்றதன்று. எங்கள் மேசையில் அவ்வளவு நேரத்தில் அவ்வளவு கறை விழும் என்ற அளவைத் தந்தது அது. அந்தத் தட்டு இல்லாமல், சோதனைத் தட்டில் அதே கறுப்புப் பூஞ்சை தோன்றியிருந்தால் அதையும் சாற்றின் கணக்கிலேயே எழுதியிருப்போம்.

பழைய சாறு ஏன் தடுத்தது என்ற கேள்வி மட்டும் எஞ்சியது. பூஞ்சை வளர்ந்தால் சாறு புளிக்கும். அமிலமே பாக்டீரியாவைத் தடுத்திருக்கலாம். அமில அளவியில் பார்த்தபோது புதிய சாற்றின் பி.எச். 5.8, பழையதில் 4.2. நீரை எடுத்து 4.2க்குக் கொண்டுவந்து கண்ட்ரோலாக வைக்கலாம் என்றார் மாணவி. யோசனை நல்லது, ஆனால் அது ஏமாற்றும் கண்ட்ரோல். நீரில் அந்த பி.எச்.சுக்கு மிகச் சிறிதளவு அமிலமே போதும். அகாரில் பரவிய உடனே அது செயலிழந்துவிடும். சாற்றிலோ பல கரிம அமிலங்கள் அதே பி.எச்.சில் பன்மடங்கு இருக்கக்கூடும். ஒரே எண்ணைக் காட்டுவதால் இரண்டும் ஒத்தவை ஆகிவிடுவதில்லை. அதற்குப் பதிலாகப் பழைய சாற்றின் ஒரு பகுதியைச் சோடியம் ஹைட்ராக்சைடால் 5.8க்கு உயர்த்தி, புதிய சாற்றுக்கும் அதே உப்பளவு வரும்படி செய்து, இரண்டையும் அருகருகே சோதித்தோம். பழைய சாற்றின் வளையம் 12 மில்லிமீட்டருக்குக் குறைந்தது, மறையவில்லை. அமிலம் ஒரு பங்கு வகித்தது, ஆனால் முழுக் காரணமும் அதுவன்று.

கடைசி ஐயம் இதுதான்: மூன்று வாரம் வைத்திருந்ததாலேயே, பூஞ்சை இல்லாமலும், இலைச்சாறு மாறித் தடுக்கும் தன்மை பெற்றிருக்கலாமே? இதற்கு விடை காண, காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிய சாற்றைச் சவ்வில் வடிகட்டி, நுண்ணுயிர் நீக்கிய இரண்டு புட்டிகளில் பாதிப்பாதியாக ஊற்றி, ஒன்றில் மட்டும் அந்தப் பூஞ்சையின் வித்துகளைச் சேர்த்து, இரண்டையும் அதே குளிர்பதனப் பெட்டியின் அதே அடுக்கில் மூன்று வாரம் வைப்பது என்று முடிவு செய்தோம். பூஞ்சையைப் பிரித்தெடுக்க உயிர்ப் பாதுகாப்புக் கூடத்தைப் பயன்படுத்தினோம். பணிபுரிபவரை நோக்கிக் காற்றை வீசும் கிடைமட்டக் காற்றோட்டக் கூடத்தில் பூஞ்சையைக் கையாண்டால் வித்துகள் நேரே முகத்துக்கு வரும் என்பதைப் பல ஆய்வகங்களில் மறந்துவிடுகிறார்கள்.

பிரித்தெடுக்கும்போது பாக்டீரியா கூடவே வராமலிருக்க, குளோராம்ஃபெனிக்கால் சேர்த்த உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வளர்ப்பது வழக்கம். அங்கே மாணவியே ஓர் ஐயத்தை எழுப்பினார். "மேடம், அந்த மருந்து பூஞ்சையோடு ஒட்டிக்கொண்டு புட்டிக்குள் போனால், அதுவே வளையம் போட்டுவிடாதா?" அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை. மருந்து சேர்க்காத ஊடகத்தில் இருமுறை மாற்றி வளர்த்த பிறகே வித்துகளை எடுத்தோம்; வித்துகளை மிதக்கவிட்ட நீரை வடிகட்டி, அதையும் தனியாகக் குழியில் விட்டுச் சோதித்தோம். வளையம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டு புட்டிகளின் சாற்றையும் சவ்வில் வடிகட்டி ஒரே நாளில், ஒரே பாக்டீரியா வளர்ப்பில் சோதித்தார். பூஞ்சை சேர்க்காத புட்டி எந்த வளையமும் தரவில்லை. பூஞ்சை சேர்த்த புட்டி 13 மில்லிமீட்டர் வளையம் தந்தது. இலையும் காலமும் மட்டும் போதவில்லை, பூஞ்சையும் வேண்டியிருந்தது. ஆனால் அது பூஞ்சை தானாகச் சுரக்கும் பொருளா, அல்லது இலையிலுள்ள ஏதோவொன்றைப் பூஞ்சை மாற்றியதால் வந்த பொருளா என்பதை இந்தத் தட்டுகள் சொல்லவில்லை. இலைச்சாறு இல்லாத திரவ ஊடகத்தில் பூஞ்சையை வளர்த்து வடிகட்டிச் சோதித்தால்தான் அது தெரியும். ஃபிளெமிங் தம் பூஞ்சையைக் குழம்பில் தனியே வளர்த்து, வடித்து, அந்த வடிநீரைப் பல பாக்டீரியாக்கள் மீது சோதித்ததும், வேறு பூஞ்சைகளையும் அதே முறையில் வளர்த்துப் பார்த்ததும் இத்தகைய கேள்விகளுக்காகத்தான். 1929இல் அவர் வெளியிட்ட கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. நம் மாணவிக்கு அதற்கான காலம் இருக்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இவ்வளவு தட்டுகளா என்று தோன்றலாம். பெட்ரித் தட்டுகளும் ஊடகமும் அளவோடுதான் கிடைக்கும் என்ற நிலையில், மும்மூன்றாக எல்லாவற்றையும் வைக்க முடியாதபோது எதைக் குறைப்பது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சோதனையின் அளவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஐந்து செறிவுகளுக்குப் பதில் இரண்டு செறிவுகளைச் சோதிக்கலாம். நான்கு பாக்டீரியாக்களுக்குப் பதில் ஒன்றைச் சோதிக்கலாம். ஆனால் திறக்கப்படாத ஊடகத் தட்டு, கரைப்பானை மட்டும் விட்ட தட்டு, சாற்றை மட்டும் விட்ட தட்டு, தெரிந்த மருந்தின் தட்டு ஆகிய நான்கையும் ஒவ்வொரு நாளின் வேலையிலும் மீண்டும் வைக்க வேண்டும். சென்ற மாதம் வைத்த கண்ட்ரோலை இன்றைய தட்டுக்குக் காட்ட முடியாது. இன்றைய ஊடகம் வேறு, இன்றைய காற்று வேறு, புட்டியிலுள்ள சாறும் சென்ற மாதத்துச் சாறு அல்ல.

மாணவி தம் அறிக்கையில் முதல் சோதனையின் 15 மில்லிமீட்டர் வளையத்தை நீக்கவில்லை. அதை முதல் அட்டவணையிலும், கண்ட்ரோல்களின் முடிவுகளை அதே பக்கத்தில் அடுத்த அட்டவணையிலும் வைத்து, பூஞ்சை பிடித்த தட்டின் படத்தையும் சேர்த்தார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தில் நின்று, இந்த இலைக்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் இல்லை என்கிறீர்களா என்று கேட்டார். அவ்வளவு தூரம் தம்மால் சொல்ல முடியாது என்று மாணவி பதிலளித்தார். இந்தப் பொடியின் நீர்ச்சாறு, இந்தச் செறிவில், இந்த ஒரு பாக்டீரியாவுக்கு எதிராக, அகாரில் பரவும் முறையில் வளையம் தரவில்லை. நீரில் கரையாத பொருளும் அகாரில் பரவாத பொருளும் இலையில் இருந்தால் இந்த முறை அவற்றைக் காட்டியிருக்காது. எத்தனால் சாற்றைச் சோதிப்பதானால் எத்தனாலை மட்டும் விட்ட தட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றார். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.